ஸ்கோப்புல அலை ஓடுதா, நிண்டாலும் உயரம் பிழையா: அறிகுறியப் பாத்து பிழை பிடிக்கிற விதம்

கல்லடியில ரோட்டோரமா ஒரு சின்ன ரிப்பேர் கடை வெச்சிரிக்கன், இன்வேட்டர், சார்ஜர், ஆம்ப், ரீவி போர்ட் எண்டு வாறதெல்லாம் பாக்கிறது. அதோட பக்கத்துப் பொடியனுகள் ஒன்லைன்ல எடுத்த சின்ன டிஜிட்டல் ஸ்கோப்பத் தூக்கிக்கொண்டு வந்து "அண்ணே இது பழுது, படம் நிக்குதில்ல" எண்டு வைக்கிறதும் வழமை. திறந்து பாக்கத் தேவையே வாறதில்ல, கூடுதலா ட்ரிகர் வெச்ச இடம் பிழையா இரிக்கும், இல்லாட்டி ப்ரோப்புல இருக்கிற குட்டி ஸ்க்ரூவ யாரோ திருப்பி விட்டிரிப்பாங்க. ஒரே கதைய ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு, அதான் எழுதி வைக்கிறன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு சாமான எடுக்கிறன். மருதமுனையால ஒரு காக்கா கொண்டு வந்த 12 வோல்ட் இன்வேட்டர், லோட் போட்டா மொஸ்பெட் கொதிக்குது எண்டு சொன்னவர். கடையில வேலை பழகிற தம்பி அதப் பாக்கப் போய், கீழ இருக்கிற அறிகுறியள்ல ரெண்டுல மாட்டி, நல்ல ஐசி ஒண்டையும் கழட்டிப் போட்டான்.

## தொடங்க முதல்: கிளிப்ப எங்க மாட்டுறீங்க?

ப்ரோப்புல தொங்கிற கறுப்புக் கிளிப் ஸ்கோப்புட பெட்டியோட சேந்து, பிளக்கால போய் வீட்டு எர்த்துல முடியுது. அது சும்மா ஒரு மைனஸ் வயர் இல்ல. 230 வோல்ட்ல நேரா ஓடுற பவர் சப்ளைட சூடான பக்கத்துல, அதாவது பெரிய 400 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கிற பக்கத்துல அந்தக் கிளிப்ப மாட்டினா அது நேரா எர்த்துக்கு சோட். நான் தொழில் பழகேக்க ஒருக்கா மாட்டினன், கிளிப் வயர் கருகி, போர்ட்ல செப்புக் கோடு பறந்து, வீட்டு ட்ரிப் சுவிச்சும் விழுந்துது. ஸ்கோப்புட எர்த் பின்ன வெட்டி விட்டா சரி எண்டு சிலபேர் சொல்லுவாங்க, அத மட்டும் செய்யாதீங்க, அப்ப ஸ்கோப்புட பெட்டியே லைவ் ஆகி நிக்கும், சோட்டுக்குப் பதிலா உங்கட கை. பட்டரில ஓடுற கைக்கடக்கமான ஸ்கோப்புக்கு எர்த் இல்லத்தான், ஆனா கிளிப்ப எங்க மாட்டுறீங்களோ அந்த வோல்ட் முழுக்க அதுட வெளி உலோகத்துலயும் வந்து நிக்கும்.

இந்த இன்வேட்டர்ல நாங்க பாத்தது பட்டரிப் பக்கம் மட்டும். கிளிப் பட்டரி மைனஸ்ல, ப்ரோப் முனை மொஸ்பெட் கேட்ல, 230 வெளிய வாற சொக்கட்ல ஒண்டும் சொருகாம.

## அறிகுறி 1: அலை இடமோ வலமோ ஓடிக்கொண்டே இரிக்கு

தம்பி கேட்ல ப்ரோப்ப வெச்சதும் இதான் வந்தது. சதுர அலை போலத் தெரியுது, ஆனா பஸ் கண்ணாடியால பாத்த மதில் மாதிரி ஓடுது.

ஸ்கோப் செய்யிறது என்னெண்டா, சிக்னலத் துண்டு துண்டா வெட்டி ஒண்டுக்கு மேல ஒண்டாப் போடுது. ஒவ்வொரு துண்டும் அலையில ஒரே இடத்துல இருந்து துவங்கினா எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு படிஞ்சு அசையாத படமாத் தெரியும், கண்டபடி துவங்கினா ஓடும். எங்க வெட்டணும் எண்டு சொல்லிக் குடுக்கிறதுதான் ட்ரிகர்: இந்த சனல்ல, இந்த வோல்ட்ட, கீழ இருந்து மேல ஏறித் தாண்டேக்க வெட்டு. இந்த மூண்டுல சனலோ வோல்ட்டோ பிழைச்சா `Auto` மோட்ல இருக்கிற ஸ்கோப் கொஞ்ச நேரம் காத்திருந்திட்டு, சரி ஒண்டும் வரேல்ல எண்டு தானா வெட்டத் துவங்கிரும். ஓடுற படம் எண்டா கூடுதலா அதுதான்.

லெவல் அலைக்குள்ள இரிக்கா? முதல் பாக்கிறது இது, காசில்லாத வேலை. ஸ்கிரீன்ட ஓரத்துல ஒரு சின்ன அம்பு இருக்கும், லெவல் நொப்பத் திருப்பினா அது ஏறி இறங்கும். அலை 0 தொடக்கம் 11 வோல்ட் வரைக்கும் இருந்தா அம்பு அதுக்குள்ள நிக்கணும். தம்பிட அம்பு 14 வோல்ட்ல நிண்டுது, அலை அங்க ஒரு நாளும் போகாது, பின்ன எப்பிடி வெட்டுறது. நடுவுக்கு, 5 வோல்ட்டுக்குக் கொண்டு வந்ததும் படம் நிண்டுட்டுது, மேல `Trig'd` எண்டும் வந்திட்டுது. சில ஸ்கோப்புல `50%` எண்டு ஒரு பட்டன் இருக்கும், சிலதுல லெவல் நொப்பையே அழுத்தினா நடுவுக்குப் போகும்.

நடுவுல வைக்கச் சொல்றதுக்கும் காரணம் இரிக்கு. அலைட அடியில, பூச்சியத்துக்குக் கிட்ட வெச்சா சுவிச்சிங் சத்தம் சின்னச் சின்ன ஊசியா அந்தக் கோட்ட குறுக்க வெட்டும், ஸ்கோப் ஒரு தரம் அலையையும் மறு தரம் ஊசியையும் பிடிச்சு படம் துடிக்கும். உச்சியிலயும் அப்பிடித்தான். ஏறுற கோடு செங்குத்தா நிக்கிற இடம்தான் நல்ல இடம்.

சோர்ஸ் எந்த சனல்? ப்ரோப் `CH1`ல, ட்ரிகர் சோர்ஸ் `CH2`ல. சிரிப்பா இரிக்கும், ஆனா லெவலுக்கு அடுத்ததா நான் பாக்கிறது இதத்தான், ஏனெண்டா போன தரம் ரெண்டு சனலும் போட்டுப் பாத்திட்டு அப்பிடியே விட்டிரிப்பம். ட்ரிகர் மெனுவத் திறந்து கண்ணால பாருங்க, ஞாபகத்த நம்பாதீங்க.

ரெண்டு சனல் போட்டுப் பாக்கேக்க ஒண்டு நிண்டு மற்றது ஓடினா பிழை இல்ல. ரெண்டும் வேற வேற ஒசிலேட்டர்ல இருந்து வருது எண்டு அர்த்தம். இதையே சோதனையாப் பாவிக்கலாம்: ஒரு ஆம்ப்ல ஊம் எண்டு சத்தம் வந்தா சோர்ஸ `AC Line`க்கு மாத்துங்க, அந்த வசதி உங்கட ஸ்கோப்புல இருந்தா. அலை நிண்டுட்டா அந்தச் சத்தம் கரண்ட்டோட சேந்தது, 50 ஹேர்ட்ஸா இருந்தா எர்த் லூப் பக்கம் போங்க, 100 ஹேர்ட்ஸா இருந்தா பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டரப் பாருங்க. கரண்ட் இல்லாத நேரம் ஸ்கோப்ப இன்வேட்டர்ல ஓட்டினா இந்தச் சோதனை சரிவராது.

டைம் நொப் மிச்சம் மெதுவா இரிக்கா? டிஜிட்டல் ஸ்கோப்புக்கு மட்டும் வாற ஏமாத்து இது. 50 கிலோஹேர்ட்ஸ் சிக்னல ஒரு கட்டத்துக்கு 50 மில்லிசெகண்ட் போல மெதுவா வெச்சுப் பாத்தா ஸ்கோப் எடுக்கிற புள்ளியள் போதாம, இல்லாத ஒரு மெதுவான அலைய வடிவா வரைஞ்சு காட்டும், அது ஓடும், ட்ரிகர என்ன செய்தாலும் நிக்காது. டைம் நொப்ப வேகமான பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டே போங்க. கட்டத்துக்கு 5 மைக்ரோசெகண்ட்ல இந்த இன்வேட்டர் அலை ரெண்டரை தரம் வந்து நிண்டுது. 10 கட்டம் 50 மைக்ரோசெகண்ட், ஒரு அலை 20. கணக்குச் சரி.

இன்னும் துடிக்குதா? ட்ரிகர் கப்ளிங்ல `HF Reject` எண்டு ஒண்டு இருக்கும். ரிப்பிள் மாதிரி மெதுவான சிக்னலுக்கு மேல ஊசி ஏறி நிண்டா அது நல்ல மருந்து. ஆனா அது வேகமான சிக்னலையே ட்ரிகருக்குப் போக விடாமத் தடுக்கிறது எண்டபடியா 50 கிலோஹேர்ட்ஸ் அலையில போட்டா சில ஸ்கோப்புல நிண்ட படமும் ஓடத் துவங்கும். அங்க `Noise Reject` இருந்தா அதப் போடுங்க.

இவ்வளவும் பாத்து, ஸ்கோப்புட சொந்த 1 கிலோஹேர்ட்ஸ் சோதனைச் சிக்னல் கூட நிக்கேல்ல எண்டா மட்டும் ஸ்கோப்பச் சந்தேகப்படுங்க. மற்ற சனல்ல நிக்குதா எண்டு பாருங்க. ரெண்டுலயும் நிக்காட்டி ட்ரிகர் சேர்க்கிட், அது சர்வீஸ்காரன்ட வேலை. மலிவு ஸ்கோப்பா இருந்தா திருத்திற காசுக்குப் புதுசு வாங்கலாம்.

## அறிகுறி 2: படம் நிக்குது, ஆனா ரெண்டு அலை ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்கிற மாதிரி

இது ஓடுறதில்ல. நடுவுல ஏறுற கோடு ஒண்டு அசையாம நிக்கும், மற்றதெல்லாம் பேய் மாதிரி ரெட்டையாத் தெரியும். ஒரு சுத்துக்குள்ள ஒரே மாதிரி ஏற்றமோ இறக்கமோ ஒண்டுக்கு மேல இருக்கிற சிக்னல்ல வாறது, ஸ்கோப் ஒரு தரம் முதலாவதப் பிடிக்குது, மறு தரம் ரெண்டாவதப் பிடிக்குது.

ரீவி ரிமோட் நல்ல உதாரணம். பட்டன அமத்திப் பிடிச்சுக்கொண்டு, ரிசீவர் கண்ணுட வெளிக் காலப் பாருங்க. கன ரிமோட்டுகள் பாவிக்கிற என்.ஈ.சி. முறையில, பிடிச்சிருக்கிற வரைக்கும் கிட்டத்தட்ட 108 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் ஒரு சின்ன "திரும்ப" அடையாளம் வரும்: 9 மில்லிசெகண்ட் கீழ, 2.25 மேல, மறுகா அரை மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கூட கீழ, அதுக்குப் பிறகு அடுத்த சுத்து வரைக்கும் சும்மா. இறங்கிற கோடு ரெண்டு இரிக்கு. மோட் `Normal`, ட்ரிகர் இறங்கிற கோட்டுல, கட்டத்துக்கு 1 மில்லிசெகண்ட்ல வெச்சுப் பாத்தா ஸ்கோப் முதலாவது இறக்கத்தப் பிடிச்சு, படத்த எடுத்து முடிச்சு, திரும்பத் தயாராகேக்க ரெண்டாவது இறக்கம் வந்து நிக்கும். அதையும் பிடிக்கும். ரெட்டைப் படம்.

லெவலால இதத் திருத்த ஏலாது, ரெண்டு இறக்கமும் ஒரே உயரம். இதுக்குத்தான் `Holdoff`. ஒரு தரம் பிடிச்சா பிறகு இவ்வளவு நேரம் கண்ண மூடிக்கொண்டு இரு எண்டு சொல்றது. ஒரு சுத்துக்குள்ள கடைசி இறக்கத்தத் தாண்டணும், அடுத்த சுத்து துவங்க முதல் முடியணும். இங்க 12க்கும் 108க்கும் இடையில, நான் 50 மில்லிசெகண்ட் வைப்பன், படம் ஒண்டாகிரும்.

`Holdoff` வெச்ச ஆள் அடுத்த வேலைக்குப் போகேக்க திரும்பக் குறைச்சு வைக்கிறதில்ல, மறுகா அடுத்த நாள் "ஸ்கோப் சரியான ஸ்லோ" எண்டு சொல்லுவார்.

## அறிகுறி 3: ஸ்கிரீன் வெறுசா கிடக்கு, இல்லாட்டி பழைய படம் உறைஞ்சு நிக்குது

மோட் `Normal`ல இரிக்கு, ட்ரிகர் வரேல்ல. `Normal` எண்டா ட்ரிகர் வந்தா மட்டும் படம், இல்லாட்டி முன்ன எடுத்ததையே காட்டிக்கொண்டிருக்கும். ப்ரோப்பக் கழட்டின பிறகும் அலை தெரியுது எண்டு பயந்து வந்த ஒராளும் இரிக்கார். `Auto`க்கு மாத்தி சிக்னல் எங்க இரிக்கு எண்டு பாத்து, லெவல அதுக்குள்ள வெச்சு, தேவை எண்டா திரும்ப `Normal`.

தேவை எப்ப வரும்? மெதுவான சிக்னலுக்கு. ஓட்டோட சிக்னல் லைட் ஃப்ளாஷர் செகண்டுக்கு ஒண்டு ரெண்டு தரம்தான் அடிக்கும், `Auto` அவ்வளவு நேரம் பொறுக்காம தானா வெட்டும், அங்க லெவல் சரியா இருந்தும் படம் ஓடும். `Normal`ல நிக்கும். ஒரே ஒரு தரம் வந்திட்டுப் போறதுக்கு, ரிமோட்ட அமத்தினதும் முதல் வாற முழுக் கோட் மாதிரி, `Single`.

## அறிகுறி 4: அலை நல்லா நிக்குது, ஆனா உயரம் நம்ப ஏலாது

இனி காக்காட இன்வேட்டருக்கு வாறன். தம்பிட படம் நிண்டுட்டுது, அழகான சதுர அலை, மூலையெல்லாம் கூர். ஆனா ஸ்கோப் சொன்ன உயரம் 9.2 வோல்ட். பட்டரி 12.7. அந்த போர்ட்ல 3525 எண்ட ஐசி நேரா கேட்ட ஓட்டுது, அது சப்ளைல ஒண்டரை ரெண்டு வோல்ட் தின்னும், அப்ப 11 போல வரணும். "அண்ணே ட்ரைவ் காணாது, அதான் மொஸ்பெட் கொதிக்குது" எண்டு சொல்லிப்போட்டு ஐசிய மாத்தினான். திரும்பவும் 9.2. ரெண்டாவது ஐசியும் மாத்தப் போகேக்கதான் நான் எட்டிப் பாத்தன்.

சுவிச்சும் மெனுவும் ஒண்டுதானா? ப்ரோப்புல `1X` `10X` எண்டு ஒரு சுவிச், சனல் மெனுவுல அதே தெரிவு. ரெண்டும் பொருந்தாட்டி விடை சரியாப் பத்து மடங்கு கூடும், இல்லாட்டிக் குறையும். இங்க பிழை பத்து மடங்கு இல்ல, அப்ப இது இல்ல.

அலைட அடி பூச்சியத்துல இரிக்கா? தம்பி உயரத்த மட்டும் பாத்தான், இதப் பாக்கேல்ல. சனல் `DC` கப்ளிங்ல இருக்கேக்க, கேட் ஓஃப் ஆகிற நேரம் அலை பூச்சியக் கோட்டுல படுக்கணும். அவன்ட அலை 0.8 வோல்ட் உசரத்துல மிதந்துது, தலை 10ல நிண்டுது. மேலயும் குறை, கீழயும் குறை, நடுவுக்கு அமத்தின மாதிரி. ஐசி பழுதானா இப்பிடி வடிவா ரெண்டு பக்கத்தாலயும் சுருங்கிறது அபூர்வம். இது ப்ரோப்புட வேலை.

1 கிலோஹேர்ட்ஸ்ல சோதிக்கிறது. ஸ்கோப்புட முகப்புல `Probe Comp` எண்டு ஒரு கொக்கி இருக்கும், 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலை வரும், உயரம் ஸ்கோப்பப் பொறுத்து 3 வோல்ட் இல்லாட்டி 5 வோல்ட், பக்கத்துல எழுதியிரிக்கும். ப்ரோப் சுவிச் `10X`, மெனு `10X`, சனல் `DC`, டைம் கட்டத்துக்கு 200 மைக்ரோசெகண்ட், ட்ரிகர் லெவல் நடுவுல. முனைய கொக்கியில, கிளிப்ப பக்கத்து எர்த் தகட்டுல.

மாட்டினதும் தம்பி முகம் மாறிட்டுது. சதுரத்துட முன் மூலை வளைஞ்சு, மெல்ல மெல்ல ஏறி, அரை அலைட கடைசிக்குக் கிட்டத்தான் உச்சிக்கு வருது, சுறா முதுகு மாதிரி.

இந்த வளைவு ஏன் கேட்ல தெரியேல்ல? இத விளங்காட்டி திரும்பத் திரும்ப மாட்டுப்படுவீங்க, அதால கொஞ்சம் கணக்குச் சொல்றன். `10X` ப்ரோப்புக்குள்ள 9 மெகாஓம் ரெசிஸ்டர் இரிக்கு, ஸ்கோப்புக்குள்ள 1 மெகாஓம், அதான் பத்துல ஒண்டு. ஆனா ஸ்கோப்புட வாயிலயும் கேபிள்லயும் கெப்பாசிட்டன்ஸ் கிடக்கு, அதுக்குச் சமனா 9 மெகாஓமுக்குக் குறுக்காயும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் போட்டிரிக்காங்க. ஸ்கோப் பக்கம் மொத்தம் 108 பிக்கோஃபரட் எண்டு வையுங்க, ப்ரோப் பக்கம் 12 இருந்தா சரியா ஒன்பது மடங்கு, மெதுவான சிக்னலும் வேகமான சிக்னலும் ரெண்டும் பத்துல ஒண்டாத்தான் வரும். குட்டி ஸ்க்ரூ திருப்பிறது இந்தச் சமனத்தான், வேற ஒண்டையும் இல்ல. யாரோ திருப்பி 108 இருந்த இடம் 132 ஆகிட்டுது எண்டா:

```
12 / (12 + 108) = 0.100
12 / (12 + 132) = 0.083
```

வேகமான பகுதி 17 வீதம் குறைவா வரும், 11 வோல்ட் 9.2 ஆகும். நேர்க் கரண்ட் பகுதி ரெசிஸ்டரால போறதால குறையாது, சராசரி அப்பிடியே நிக்கும், அதால தலை இறங்கினதோட அடியும் மேல வருது. இது திரும்பச் சரியாகி ஏற 130 மைக்ரோசெகண்ட் கணக்கில எடுக்கும். 1 கிலோஹேர்ட்ஸ்ல அரை அலை 500 மைக்ரோசெகண்ட், ஏறுறதக் கண்ணால பாக்க நேரம் இரிக்கு, வளைவு தெரியும். 50 கிலோஹேர்ட்ஸ்ல அரை அலை 10 மைக்ரோசெகண்ட்தான், வளையத் துவங்க முதலே அலை இறங்கிரும், அதால மூலை கூரா, பாக்க வடிவா, உயரம் மட்டும் பொய். மல்டிமீட்டரால பட்டரி வோல்ட்டோட ப்ரோப்ப ஒப்பிட்டுப் பாத்தாலும் பிழை பிடிபடாது, அங்க அது சரியாத்தான் காட்டும்.

திருப்பிற விதம். ஸ்க்ரூ சில ப்ரோப்புல பிடிக்குள்ள, சிலதுல ஸ்கோப்புல சொருகிற பக்கத்துப் பெட்டிக்குள்ள. ப்ரோப்போட வந்த பிளாஸ்டிக் குச்சியால திருப்புங்க. இரும்பு ஸ்க்ரூ ட்ரைவர் எண்டா அது தொட்டு நிக்கேக்கயே கெப்பாசிட்டன்ஸ் மாறும், சரி எண்டு பாத்து எடுத்தா திரும்பப் பிழைச்சிரிக்கும். குச்சி துலைஞ்சா ஐஸ்கிறீம் குச்சிய சீவிப் பாவிக்கலாம், என்ட கடையில அதான் ஓடுது. மெதுவா, கால்வாசிச் சுத்து. முன் மூலை வளைஞ்சிருந்தா குறைவு, முன் மூலையில கொம்பு முளைச்சு மெல்ல இறங்கினா மிச்சம். கொம்பு வாற மட்டும் போய், அதுல இருந்து தலை மட்டமாகிற இடத்துக்குத் திரும்பி வாறது எனக்கு லேசு.

கொம்ப கவனிக்காம விட்டா மற்ற மாதிரிப் பிழைக்கும், 11 வோல்ட் 12க்கு மேல தெரியும், நல்ல மொஸ்பெட்டுட கேட்டுக்கு வோல்ட் கூடிப் போச்சு எண்டு பயப்படுவீங்க.

திருப்பி முடிச்சு திரும்பக் கேட்ல வெச்சம்: அடி பூச்சியத்துல, தலை 11ல. முதல் இருந்த பழைய ஐசியத் திரும்பப் போட்டும் அதே 11. ஐசி பாவம், ஒரு குறையும் இல்ல. மொஸ்பெட் கொதிச்சதுக்குக் காரணம் வேற, லோட் போட்டுப் பாக்கேக்க பட்டரிக் கொம்புல 12.4, இன்வேட்டர் போர்ட்ல 10.8. கடற்காத்துல பட்டரிக் கேபிள்ட லக் உள்ளுக்குள்ள பச்சை பிடிச்சுக் கிடந்தது. வோல்ட் குறைஞ்சா அதே லோட்டுக்கு இன்வேட்டர் கூடக் கரண்ட் இழுக்கும், சூடு ஏறும். வெட்டிப் புதுசு கிறிம்ப் பண்ணினதோட அலுவல் முடிஞ்சுது.

## அறிகுறி 5: ஸ்க்ரூவ எவ்வளவு திருப்பினாலும் மூலை சரிவருதில்ல

ஒண்டுமே மாறாட்டி ப்ரோப் சுவிச் `1X`ல இரிக்கு. `1X`ல அந்தச் சமன் பண்ற வேலையே இல்ல. அதோட `1X`ல வேகமான சிக்னலும் ஒழுங்காத் தெரியாது, கேபிள்ட கெப்பாசிட்டன்ஸ் முழுக்க நீங்க பாக்கிற சேர்க்கிட்டுல போய்த் தொங்கும், ஒசிலேட்டர்ல வெச்சா ஒசிலேட்டரே நிண்டு போறதும் உண்டு. ரிப்பிள் பாக்கிறதுக்கு விட்டா நான் `1X` தொடுறதில்ல.

மாறுது, ஆனா கடைசி வரைக்கும் திருப்பியும் மட்டமாகல்ல எண்டா ப்ரோப்பும் ஸ்கோப்பும் சோடி இல்ல. ஸ்கோப்புட சொக்கட்டுக்குப் பக்கத்துல எத்தின பிக்கோஃபரட் எண்டு எழுதியிரிக்கும், 15, 20, 25 எண்டு. ப்ரோப்போட வந்த கடுதாசியில எதில இருந்து எது வரைக்கும் திருப்பலாம் எண்டு இருக்கும். ஸ்கோப்புட எண் அந்த எல்லைக்குள்ள இல்லாட்டி எவ்வளவு திருப்பியும் வேலையில்ல, வேற ப்ரோப் வாங்கணும்.

எல்லையும் சரி, ஆனாலும் வருதில்ல எண்டா அதே ப்ரோப்ப மற்ற சனல்ல போடுங்க. அங்க சரிவந்தா ஸ்கோப்புட அந்த சனல் வாயில பிழை, வராட்டி ப்ரோப் பழுது. மற்ற சனல்ல போட்டா எப்பிடியும் கொஞ்சம் திருப்ப வேண்டி வரும், ரெண்டு சனலும் ஒரே அளவு இல்ல. அதால ப்ரோப்புக்கு நிற வளையம் மாட்டி, மஞ்சள் எப்பவும் `CH1`, நீலம் எப்பவும் `CH2` எண்டு வெச்சிரிங்க.

## அறிகுறி 6: 1 கிலோஹேர்ட்ஸ்ல சரி, ஆனா போர்ட்ல வெச்சா ஏறுற மூலையில கம்பி அதிருற மாதிரி

இதுக்கு ஸ்க்ரூவத் தொடாதீங்க. கொம்புக்கும் இதுக்கும் வித்தியாசம் இரிக்கு, கொம்பு ஒரே ஒரு தரம் ஏறி மெல்ல இறங்கும், இது கிடுகிடு எண்டு பல தரம் ஆடி அடங்கும், அதுவும் மைக்ரோசெகண்டுக்குள்ள. கிளிப் வயர் நீளம்தான் காரணம். வயரக் கழட்டிப்போட்டு, ப்ரோப் முனையச் சுத்தி மாட்டுற குட்டி ஸ்பிரிங்க எடுத்து, பாக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கிற மைனஸ்ல தொட்டுப் பாருங்க. ஆட்டம் அடங்கினா அது ப்ரோப்புட ஆட்டம், அடங்காட்டித்தான் சேர்க்கிட்டுட ஆட்டம். ஆட்டத்தக் குறைக்கிறன் எண்டு ஸ்க்ரூவத் திருப்பி மூலைய மழுக்கினதுதான், நான் நினைக்கிறன், எங்கட ப்ரோப்புக்கும் நடந்தது. தம்பி தான் இல்ல எண்டு சொல்றான்.

## எந்த இடத்துல நிப்பாட்டணும்

ஸ்கோப் பக்கம் எண்டா: சோதனைச் சிக்னல், ரெண்டு ப்ரோப், ரெண்டு சனல் எல்லாம் மாத்தி மாத்திப் பாத்தும் ஒரு சனல் மட்டும் உயரம் பிழை, இல்லாட்டி மூலை பிழை எண்டா பெட்டியத் திறக்காதீங்க. உள்ளுக்கு இருக்கிற ட்ரிம்மரத் திருப்பிச் சரிபண்ண அளவான சிக்னல் ஜெனரேட்டர் வேணும், பழைய குழாய் ஸ்கோப்பா இருந்தா நிப்பாட்டின பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளுக்கு நிக்கும்.

பாக்கிற சாமான் பக்கம் எண்டா: இன்வேட்டர்ட 230 வெளிப் பக்கம், ரீவி பவர் சப்ளைட சூடான பக்கம், வீட்டுக் கூரை சோலாருட பனல் வயர். இந்த மூண்டையும் இந்தச் சாதாரண ப்ரோப்பால பாக்கிறேல்ல. முதல் ரெண்டுக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் இருக்கிற ஆளிட்டக் குடுங்க. சோலார் பனல் வரிசையில நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்க் கரண்ட் வெயில் இருக்கிற வரைக்கும் நிக்கும், பிரேக்கர விழுத்தினாலும் பனல் பக்கம் சாகாது, அதப் பூட்டின ஆளையே கூப்பிடுங்க.